நான்கு லிங்க் இருந்தும் ஒன்றில் மட்டும் நெரிசல்

ஒரு ஃபைல் சர்வரிலிருந்து சுவிட்சுக்கு 1 ஜிகாபிட் லிங்க் நான்கை எல்ஏசிபி மூலம் ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்புத் திரையில் கட்டின் மொத்தப் பயன்பாடு 25 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நிற்கிறது. முக்கால் பங்கு சும்மா கிடப்பதாக வரைபடம் காட்டுகிறது. ஆனால் அந்தச் சர்வரிலிருந்து ஃபைல் படிக்கும் எட்டுக் கணினிகளிலும் வேகம் விநாடிக்கு 15 மெகாபைட்டைத் தாண்டவில்லை. ஐயம் முதலில் டிஸ்க் மீது போகும், அப்புறம் சர்வர் மென்பொருள் மீது, அப்புறம் கேபிள் மீது. நான்கு லிங்க்குகளையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: ஒன்று விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது, மற்ற மூன்றும் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கின்றன. இதில் எல்ஏசிபி எந்தத் தவறும் செய்யவில்லை. பாக்கெட்டுகளைப் பங்கிடும் ஹாஷ் கணக்கும் தவறவில்லை. அந்தக் கணக்குக்கு உள்ளே கொடுக்கப்பட்ட எண்களில் போதுமான வேறுபாடு இல்லை, அவ்வளவுதான். கட்டின் சமநிலையைத் தீர்மானிப்பது லிங்க்குகளின் எண்ணிக்கை அல்ல, ஹாஷுக்குள் போகும் புலங்களின் வேறுபாடு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

எல்ஏசிபி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. 2000-ஆம் ஆண்டு 802.3ad என்ற பெயரில் தரமாக்கப்பட்டு, 2008-இல் 802.1AX என்ற எண்ணுக்கு மாற்றப்பட்ட நெறிமுறை இது. இரு முனைகளும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் சிறு ஃபிரேம்களை ஒவ்வொரு லிங்க்கிலும் அனுப்பிக்கொள்கின்றன. மெதுவான முறையில் 30 விநாடிக்கு ஒன்று, வேகமான முறையில் விநாடிக்கு ஒன்று. அடுத்தடுத்து மூன்று வரவில்லை என்றால் அந்த லிங்க் கட்டிலிருந்து விலக்கப்படும். அதாவது மெதுவான முறையில் 90 விநாடியும் வேகமான முறையில் 3 விநாடியும் காத்திருப்பு. இந்த ஃபிரேம்கள் வழியாக, எதிர்முனையில் இருப்பது ஒரே கருவிதானா, இந்த லிங்க்குகள் அனைத்தையும் ஒரே கட்டாகச் சேர்க்கலாமா என்பது உறுதிசெய்யப்படுகிறது. எந்தப் பாக்கெட் எந்த லிங்க்கில் போக வேண்டும் என்பது பற்றி அந்த உரையாடலில் ஒரு சொல்லும் இல்லை. ஒவ்வொரு முனையும் தான் அனுப்பும் திசைக்குத் தானே முடிவெடுக்கிறது. சர்வர் ஒரு முறையையும் சுவிட்ச் இன்னொரு முறையையும் பயன்படுத்தினாலும் கட்டு நன்றாகவே எழும். இதனால்தான் கட்டு எழுந்துவிட்டது என்பதை வைத்துப் பங்கீடு சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

கட்டுவதற்கான படிகள் குறைவு. லினக்ஸ் சர்வரில் இப்படி:

```
ip link add bond0 type bond mode 802.3ad miimon 100 lacp_rate fast
for i in eth0 eth1 eth2 eth3; do
  ip link set $i down
  ip link set $i master bond0
done
ip link set bond0 up
```

சிஸ்கோ வகை சுவிட்சில் அதே நான்கு போர்ட்டுகளுக்கு:

```
interface range GigabitEthernet1/0/1 - 4
 channel-group 1 mode active
```

கட்டு எழுந்ததா என்று சர்வரில் `/proc/net/bonding/bond0` ஃபைலைத் திறந்து பார்க்கலாம். நான்கு போர்ட்டுகளுக்கும் `Aggregator ID` ஒரே எண்ணாக இருக்க வேண்டும். `Partner Mac Address` என்ற இடத்தில் சுவிட்சின் முகவரி இருக்க வேண்டும். அங்கே எல்லாம் பூஜ்யமாக இருந்தால் எதிர்முனை எல்ஏசிபி பேசவில்லை என்று பொருள். சுவிட்சில் `active` என்பதற்குப் பதிலாக `on` என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். சுவிட்சில் `show etherchannel summary` கட்டளையில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் பக்கத்தில் `P` என்ற எழுத்து வர வேண்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு லிங்க் மட்டும் நிரம்புவதுதான் நாம் எடுத்துக்கொண்ட சிக்கல்.

ஹாஷ் ஏன் தேவை என்ற கேள்வி இங்கே எழும். தரம் விதிக்கும் நிபந்தனை ஒன்றுதான்: ஓர் உரையாடலுக்குரிய ஃபிரேம்கள் அனுப்பிய வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டும். அதை எப்படிச் சாதிப்பது என்பதைத் தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டது. எளிய வழி, ஓர் உரையாடலின் எல்லா ஃபிரேம்களையும் ஒரே லிங்க்கில் அனுப்புவது. ஒவ்வொரு உரையாடலையும் நினைவில் வைத்துக்கொள்ள அட்டவணை தேவைப்படாமல் இருக்க, ஃபிரேமின் தலைப்பில் உள்ள சில புலங்களை எடுத்துக் கணக்குப் போட்டு ஓர் எண்ணைப் பெறுகிறார்கள். அதை லிங்க்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் லிங்க்கின் எண். ஒரே புலங்கள் என்றால் எப்போதும் ஒரே விடை, ஆகவே ஒரே லிங்க். சுங்கச்சாவடியில் வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வரிசை பிரிப்பது போல இது. எந்த வரிசை காலியாக இருக்கிறது என்று சாவடிக்காரர் பார்ப்பதில்லை. வருவது மிதிவண்டியா கண்டெய்னர் லாரியா என்பதும் அவருக்குத் தெரியாது. ஹாஷும் அப்படித்தான்: லிங்க்கின் சுமையையோ உரையாடலின் பருமனையோ அது அறியாது.

இப்போது நம் சர்வரின் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். சர்வரின் ஐபி முகவரி 10.0.20.10. என்எஃப்எஸ் வழியாக அதிலிருந்து படிக்கும் எட்டுக் கணினிகள் 10.0.30 வலைப்பிரிவில் இருக்கின்றன. இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே ஒரு கேட்வே. லினக்ஸில் நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் ஹாஷ் கொள்கை `layer2`. அது அனுப்புநர் மேக் முகவரியின் கடைசி பைட், பெறுநர் மேக் முகவரியின் கடைசி பைட், பாக்கெட் வகை எண் ஆகிய மூன்றையும் எக்ஸார் செய்கிறது. எக்ஸார் என்பது இரண்டு எண்களின் இரும இலக்கங்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1-உம் ஒத்திருக்கும் இடத்தில் 0-உம் இடும் கணக்கு. சர்வரின் மேக் கடைசி பைட் 3a, கேட்வேயின் மேக் கடைசி பைட் 01, ஐபி பாக்கெட்டின் வகை எண் 0800 என்று வைத்துக்கொள்வோம்.

```
0x3a xor 0x01 xor 0x0800 = 0x083b
0x083b mod 4 = 3
```

எல்லாக் கணினிகளும் கேட்வேக்கு அப்பால் இருப்பதால், சர்வர் அனுப்பும் ஒவ்வொரு ஃபிரேமின் பெறுநர் மேக் முகவரியும் கேட்வேயின் முகவரிதான். எட்டுக் கணினி இருந்தாலும் எண்ணூறு இருந்தாலும் விடை 3. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது நான்காவது லிங்க். 1 ஜிகாபிட் லிங்க்கில் டிசிபி வழியாக உண்மையில் போகும் தரவு விநாடிக்குச் சுமார் 117 மெகாபைட். அதை எட்டாகப் பங்கிட்டால் தலைக்கு 15-க்குச் சற்றுக் குறைவு. தொடக்கத்தில் கண்ட 15 மெகாபைட்டும், கட்டின் மொத்தப் பயன்பாட்டில் கண்ட 25 சதவீதமும் இந்த ஒரு வரிக் கணக்கிலிருந்தே வருகின்றன.

இந்த இடத்தில் பெரும்பாலோர் கொடுக்கும் அறிவுரை, கொள்கையை மாற்று என்பது. `layer2+3` என்று மாற்றினால் ஐபி முகவரிகளும் கணக்கில் சேரும், கணினிகளுக்கு வெவ்வேறு முகவரிகள் இருப்பதால் பங்கீடு சீராகும் என்பார்கள். அந்தக் கொள்கையின் சூத்திரம், முன்பு கிடைத்த மேக் விடையோடு இரண்டு ஐபி முகவரிகளையும் எக்ஸார் செய்து, பிறகு 16 பிட், 8 பிட் நகர்த்தி மறுபடி எக்ஸார் செய்கிறது. இந்த இரண்டு நகர்த்தல்களின் விளைவு, நான்கு பைட்டுகளும் கடைசி பைட்டுக்குள் மடிந்து சேர்வது. நம் முகவரிகளுக்கு மடித்துப் பார்த்தால், சர்வர் முகவரியின் பைட்டுகள் 10, 0, 20, 10 சேர்ந்து 20 தருகின்றன. கணினி முகவரியின் முதல் மூன்று பைட்டுகள் 10, 0, 30 சேர்ந்தும் 20 தருகின்றன. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஐபி பகுதியில் மிஞ்சுவது கணினியின் கடைசி எண் மட்டுமே. மேக் பகுதி மடிந்து 51 ஆகிறது. ஆகவே 51-ஐயும் கணினியின் கடைசி எண்ணையும் எக்ஸார் செய்து நான்கால் வகுத்த மீதிதான் லிங்க் எண்.

கணினிகளின் கடைசி எண்கள் 11 முதல் 18 வரை தொடர்ச்சியாக இருந்தால் விடைகள் 0, 3, 2, 1, 0, 3, 2, 1 என்று வரும். ஒரு லிங்க்குக்கு இரண்டு கணினி என்ற அழகான பங்கீடு. தலைக்கு 58 மெகாபைட் கிடைக்கும். ஆனால் பல இடங்களில் முகவரிகளை அப்படித் தருவதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் நிர்வாகம், சேமிப்பு, மெய்நிகர் கணினி போன்ற தேவைகளுக்கு நான்கு முகவரிகளை ஒதுக்கி, சேமிப்புக்கான முகவரிகள் 20, 24, 28, 32 என்று நான்கு நான்காகத் தாவிச் செல்வது வழக்கமான ஏற்பாடு. இந்த எண்கள் எல்லாம் நான்கால் மீதியின்றி வகுபடுபவை. அவற்றின் கடைசி இரண்டு இரும இலக்கங்கள் எப்போதும் 00. எனவே விடை மறுபடியும் 3, எட்டுக் கணினிக்கும் 3. கொள்கையை மாற்றினோம், ஐபி முகவரிகளைச் சேர்த்தோம், ஆனால் பழைய நான்காவது லிங்க்கிலிருந்து ஒரு பாக்கெட்கூட நகரவில்லை. கருவிக்குள் கோளாறு என்று நினைத்து மென்பொருளை மேம்படுத்தத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். கணக்கை ஒரு முறை காகிதத்தில் போட்டிருந்தால் அந்த வேலை மிச்சமாகியிருக்கும். முகவரிகள் வெவ்வேறாக இருப்பது மட்டும் போதாது. ஹாஷ் உண்மையில் பார்க்கும் கடைசி இலக்கங்களில் அவை வேறுபட வேண்டும்.

அடுத்த படி `layer3+4`. இதில் டிசிபி போர்ட் எண்களும் சேர்கின்றன.

```
ip link set bond0 type bond xmit_hash_policy layer3+4
```

சர்வர் பக்கம் போர்ட் எப்போதும் 2049. லினக்ஸ் என்எஃப்எஸ் கிளையண்டின் பக்கம் இயல்பாக 665-க்கும் 1023-க்கும் இடையில் ஏதோ ஒரு போர்ட். அது கணினிக்குக் கணினி தற்செயலாக அமைவதால், முகவரித் திட்டத்தின் பிடியிலிருந்து கணக்கு விடுபடுகிறது. நான்காவது லிங்க்கில் சிக்கியிருந்த சுமை பரவத் தொடங்கும். ஆனால் தற்செயலாகப் பரவுவது சமமாகப் பரவுவதாகாது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு மவுண்ட் இயல்பாக ஒரே ஒரு டிசிபி இணைப்பைத் திறக்கும். ஆகவே நம்மிடம் இருப்பவை எட்டே உரையாடல்கள். எட்டையும் நான்கு லிங்க்குகளில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், லிங்க்குக்கு இரண்டு என்று சமமாக விழும் வாய்ப்பு 100-க்கு 4-ஐக்கூட எட்டாது. ஏதோ ஒரு லிங்க்கில் நான்கோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 100-க்கு 45 அளவில். அதாவது கிட்டத்தட்ட இரண்டில் ஒரு முறை, ஏதோ ஒரு லிங்க் தன் நியாயப் பங்கைப் போல இரு மடங்கோ அதற்கு மேலோ சுமக்கும். இது பிழையல்ல. சிறிய எண்ணிக்கையில் தற்செயல் இப்படித்தான் நடந்துகொள்ளும். கணினிகளை மறுதொடக்கம் செய்தால் போர்ட் எண்கள் மாறும், நெரிசல் வேறு லிங்க்குக்கு இடம் பெயரும், ஒரு நாள் தானே சரியாகிவிட்டது போலவும் தோன்றும். ஒரு நாள் நன்றாகவும் மறு நாள் மந்தமாகவும் இருக்கிறது என்ற புகார் வந்தால், உரையாடல்களின் எண்ணிக்கையைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

எண்ணிக்கையைக் கூட்டுவதே இதற்கு மருந்து. லினக்ஸ் 5.3 முதல் என்எஃப்எஸ் மவுண்ட் கட்டளையில் `nconnect` என்ற தேர்வு இருக்கிறது. ஒரே மவுண்டுக்கு 16 டிசிபி இணைப்புகள் வரை திறக்கலாம்.

```
mount -t nfs -o nconnect=4 10.0.20.10:/data /mnt/data
```

எட்டுக் கணினிகளும் இப்படிச் செய்தால் உரையாடல்கள் 32 ஆகும். எட்டு உரையாடல் இருந்தபோது ஒரு லிங்க்கின் சுமை சராசரியிலிருந்து ஏறத்தாழ 60 சதவீதம் விலகுவது சாதாரணம். 32 ஆனதும் அந்த விலகல் ஏறத்தாழ 30 சதவீதமாகக் குறைகிறது. இன்னும் நான்கு மடங்காக்கினால் 15 சதவீதம். எண்ணிக்கை நான்கு மடங்கானால் விலகல் பாதியாகும் என்பதுதான் விதி. ஒரு வெப் சர்வரில் ஆயிரக்கணக்கான பயனர்கள் வந்துபோகும்போது இந்தச் சிக்கல் கண்ணில் படாததற்கும், சேமிப்பு, பேக்கப், தரவுத்தளப் பிரதியாக்கம் போன்ற இடங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதற்கும் இதுவே காரணம். அங்கெல்லாம் உரையாடல்கள் சில, ஒவ்வொன்றும் யானை. எந்தக் கொள்கையை வைத்தாலும் ஒரு தனி உரையாடல் ஒரு லிங்க்கின் வேகத்தைத் தாண்ட முடியாது. நான்கு 1 ஜிகாபிட் லிங்க்குகளின் கட்டில் ஒற்றை டிசிபி இணைப்பின் உச்சம் எப்போதும் 1 ஜிகாபிட்தான்.

இதுவரை பேசியது சர்வர் அனுப்பும் திசை. கணினிகள் சர்வரில் எழுதும்போது சுமை சுவிட்சிலிருந்து வருகிறது, அங்கே முடிவு சுவிட்சினுடையது. சர்வரில் என்ன மாற்றினாலும் அந்தத் திசையில் எதுவும் மாறாது. பழைய கேட்டலிஸ்ட் 2960, 3750 வகை சுவிட்சுகளில் இயல்பான முறை `src-mac`, அதாவது அனுப்புநர் மேக் மட்டும். கேட்வே வழியாக வரும் ஃபிரேம்கள் எல்லாவற்றுக்கும் அனுப்புநர் மேக் கேட்வேயினுடையது என்பதால், எதிர்த்திசையிலும் அதே ஒற்றை லிங்க் கதை நடக்கும். `dst-mac` என்று மாற்றினாலும் பயனில்லை, பெறுநர் ஒரே சர்வர்தானே. பார்க்க வேண்டிய கட்டளையும் மாற்ற வேண்டிய கட்டளையும் இவை:

```
show etherchannel load-balance
configure terminal
port-channel load-balance src-dst-ip
```

இந்த வகை சுவிட்சுகளில் இந்த மாற்றம் ஒரு கட்டுக்கு மட்டும் அல்ல, சுவிட்சில் உள்ள எல்லாக் கட்டுகளுக்கும் பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு சர்வருக்காக மாற்றப்போய், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த வேறொரு கட்டின் சமநிலை குலையலாம். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் விடையைச் சரிபார்க்க `test etherchannel load-balance` கட்டளை உதவும். இரண்டு முகவரிகளைக் கொடுத்தால் நடப்பு முறையில் எந்தப் போர்ட் தேர்வாகும் என்று அது சொல்லும்.

சுவிட்சில் இன்னொரு நுட்பமும் உண்டு. இந்த வகை வன்பொருள் ஹாஷின் விடையை எட்டுத் தொட்டிகளாகப் பிரித்து, தொட்டிகளை லிங்க்குகளுக்கு ஒதுக்குகிறது. லிங்க்குகள் இரண்டோ நான்கோ எட்டோ என்றால் சமமாகப் பிரியும். மூன்று என்றால் 3, 3, 2 என்றுதான் பிரிக்க முடியும். அதாவது எத்தனை ஆயிரம் உரையாடல்கள் இருந்தாலும் மூன்றாவது லிங்க்குக்கு 25 சதவீதம், மற்ற இரண்டுக்கும் 37.5 சதவீதம். ஐந்து லிங்க் என்றால் 2, 2, 2, 1, 1. நெரிசலைத் தீர்க்க நான்கோடு ஐந்தாவது லிங்க்கைச் சேர்க்கும் ஆசை வரும். சேர்த்த பிறகும் அதிகச் சுமை ஏறும் மூன்று லிங்க்குகள் முன்பு போலவே எட்டில் இரண்டு பங்கைச் சுமந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு எந்த விடுதலையும் கிடைக்காது.

இவ்வளவு சிக்கல் எதற்கு, பாக்கெட்டுகளை வரிசையாக ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒன்று என்று போட்டுவிடலாமே என்ற மறுப்பு நியாயமானது. லினக்ஸில் அதற்கென்றே `balance-rr` என்ற முறை இருக்கிறது. சமநிலை துல்லியமாகவே அமையும். ஆனால் நான்கு லிங்க்குகளின் வரிசைகளும் எப்போதும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. பின்னால் அனுப்பிய பாக்கெட் முன்னால் போய்ச் சேரும். டிசிபி மூன்று இரட்டிப்பு ஒப்புகைகளைக் கண்டால் ஒரு பாக்கெட் தொலைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். எதுவும் தொலையாமலேயே தொலைந்ததற்கான தண்டனை கிடைக்கிறது. ஓரளவு வரிசை மாற்றத்தை இன்றைய டிசிபி தாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனாலும் நான்கு லிங்க்கின் முழு வேகத்தை அது ஒற்றை உரையாடலுக்குத் தரும் என்று எதிர்பார்த்து அமைப்பை வடிவமைக்க முடியாது. தவிர, சுவிட்ச் திரும்ப அனுப்பும் திசையில் ஹாஷ்தான் இருக்கும், இந்த முறை அங்கே செல்லாது.

சுமையைப் பார்த்து முடிவெடுக்கும் சுவிட்சுகள் வந்துவிட்டனவே என்பது அடுத்த மறுப்பு. உரையாடலில் சற்று இடைவெளி விழும் தருணத்தில் அதைக் குறைந்த சுமையுள்ள லிங்க்குக்கு மாற்றும் முறை உயர்நிலைத் தரவு மையச் சுவிட்சுகளில் இருக்கிறது. இடைவெளி போதுமான நீளமாக இருந்தால் வரிசை கலையாது. இருக்கும் இடத்தில் பயன்படுத்தத் தகுந்ததுதான். ஆனால் இடைவிடாமல் ஓடும் ஒரு பேக்கப் இணைப்பில் அந்த இடைவெளியே கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஓர் உரையாடல் ஒரு நேரத்தில் ஒரு லிங்க்கில்தான் இருக்கும். சர்வர் அனுப்பும் திசையையும் சுவிட்ச் தொட முடியாது.

அப்படியானால் எல்லா இடத்திலும் `layer3+4` வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் அது சரியான தேர்வு என்றே சொல்வேன். ஆனாலும் லினக்ஸ் ஆவணமே அது தரத்துக்கு முழுமையாக உட்பட்டதல்ல என்று எச்சரிக்கிறது. ஒரு பெரிய பாக்கெட் துண்டுகளாக உடைக்கப்பட்டால் துண்டுகளுக்குப் போர்ட் எண்களைக் கணக்கில் எடுக்க முடியாது, ஐபி முகவரிகள் மட்டுமே ஹாஷுக்குக் கிடைக்கும். அதே உரையாடலின் உடையாத பாக்கெட்டுகள் ஒரு லிங்க்கிலும் உடைந்தவை வேறு லிங்க்கிலும் போகலாம், வரிசை கலையலாம். டிசிபி பெரும்பாலும் துண்டாவதைத் தவிர்த்துவிடும். பெரிய யுடிபி பாக்கெட்டுகளை அனுப்பும் பயன்பாடு இருந்தால் மட்டும் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சுரங்க இணைப்புகளில் நிலைமை வேறு. இரண்டு முனைகளுக்கிடையே ஐபிசெக் சுரங்கம் இருந்தால், உள்ளே எத்தனை ஆயிரம் உரையாடல்கள் ஓடினாலும் வெளியே தெரிவது இரண்டே முகவரிகள், போர்ட் எண்களும் மறைந்துவிடும். முழுச் சுரங்கமும் ஒரே லிங்க். விஎக்ஸ்லேன் இதை முன்கூட்டியே யோசித்த வடிவமைப்பு: உள்ளிருக்கும் பாக்கெட்டின் ஹாஷை வெளி யுடிபி தலைப்பின் அனுப்புநர் போர்ட்டில் வைக்கச் சொல்கிறது. அதனால் போர்ட்டைப் பார்க்கும் கொள்கை இருந்தால் அது தானே பரவும்.

நோய் கண்டறியும் முறைக்கு வருவோம். கட்டின் மொத்த வரைபடத்தை நம்பக் கூடாது என்பது முதல் விதி. ஒவ்வொரு லிங்க்கையும் தனித்தனியாக, அதுவும் விநாடிக் கணக்கில் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடச் சராசரி, ஒரு நிமிடம் முழுக்க நிரம்பிய லிங்க்கை 20 சதவீதம் என்று காட்டிவிடும். சர்வரில் `sar -n DEV 1` ஓடவிட்டு `txkB/s` பத்தியைப் பாருங்கள். ஒரு போர்ட்டில் அந்த எண் 1,20,000-ஐ ஒட்டி நின்று மற்றவை தாழ்ந்திருந்தால் நெரிசல் சர்வர் அனுப்பும் திசையில். `rxkB/s` பத்தியில் அப்படி இருந்தால் முடிவு சுவிட்சுடையது. சுவிட்சில் ஒவ்வொரு உறுப்புப் போர்ட்டுக்கும் `show interfaces` கட்டளையில் `Total output drops` எண்ணைக் குறித்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு போர்ட்டில் மட்டும் அது ஏறிக்கொண்டிருந்தால் வேறு சான்று தேவையில்லை. அதன் பிறகே கொள்கையைத் தொட வேண்டும். தொடுவதற்கு முன்பு, இந்தக் கட்டில் எந்தப் புலம் உண்மையில் வேறுபடுகிறது என்று பட்டியலிட வேண்டும். கேட்வேக்கு இந்தப் பக்கம் மேக் வேறுபடாது. முகவரிகள் தாவித்தாவி இருந்தால் ஐபியின் கடைசி இலக்கங்களும் வேறுபடாமல் போகலாம். உரையாடல்கள் பத்துக்கும் குறைவு என்றால் எந்தப் புலமும் சமநிலைக்கு உறுதி தராது, இணைப்புகளின் எண்ணிக்கையைப் பயன்பாட்டிலேயே கூட்ட வேண்டும். ஐஸ்கசி சேமிப்பில் ஒவ்வொரு லிங்க்குக்கும் தனி முகவரி கொடுத்து, கட்டே இல்லாமல் மல்டிபாத் முறையில் பங்கிடுவது இதைவிட மேலானது. அங்கே பங்கீட்டைச் செய்வது ஹாஷ் அல்ல, சேமிப்பு மென்பொருள். ஒற்றை உரையாடலே 1 ஜிகாபிட்டைத் தாண்டக் கேட்டால் 10 ஜிகாபிட் போர்ட் ஒன்றுதான் தீர்வு. அதில் ஹாஷே கிடையாது என்பது சிறிய சலுகையல்ல.

கடைசியாக, ஒரு லிங்க் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கில் பார்த்துவிட வேண்டும். நான்கால் வகுத்த மீதி இப்போது மூன்றால் வகுத்த மீதியாகிறது. அறுந்த லிங்க்கின் உரையாடல்கள் மட்டுமல்ல, மற்ற லிங்க்குகளில் இருந்தவற்றில் பலவும் இடம் மாறும். நம் உதாரணத்தில் 20, 24, 28, 32 என்று தாவிச் செல்லும் முகவரிகள் நான்கால் வகுத்தபோதுதான் ஒரே விடை தந்தன. மூன்றால் வகுக்கும்போது அவை சிதறிவிடும். ஒரு கேபிளைப் பிடுங்கியதும் சர்வரின் வேகம் கூடியது என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டாம். `layer2+3` வைத்த கட்டில் கணக்கு அதைத்தான் சொல்கிறது. மூன்றால் வகுக்கும்போது கடைசி பைட் மட்டுமல்ல, ஹாஷ் எண் முழுவதும் கணக்கில் வரும். 20 முதல் 48 வரையிலான அந்த எட்டு முகவரிகளுக்கும் அப்படிக் கணக்கிட்டால், மூன்று லிங்க்குகளுக்கு மூன்று, மூன்று, இரண்டு என்று கணினிகள் பிரிந்துகொள்ளும்.